எஸ்ஜிஓடி கொஞ்சம் கூடியிருக்கிறது, பிலிரூபினும் கூடியிருக்கிறது: கல்லீரல் பரிசோதனைத் தாளைப் படிப்பது எப்படி

குன்னூரில் ரத்தப் பரிசோதனை நிலையத்தில் வேலை பார்க்கிறேன். நான் டாக்டர் இல்லை; ரத்தம் எடுத்து, மெஷினில் வைத்து, எண்ணைத் தாளில் ஏற்றுகிறவன். ஆனால் தாளை வாங்கிப் பார்த்ததும் முகம் மாறி, டாக்டரிடம் போவதற்கு முன்னால் கவுன்ட்டரிலேயே நின்று கேட்பவர்கள் நிறைய. அதிலும் கல்லீரல் பரிசோதனைத் தாள்தான் அதிகம் பயமுறுத்துகிறது. பத்து எண்கள் இருக்கும், அதில் ஒன்றோ இரண்டோ தடித்த எழுத்தில், பக்கத்தில் மேல்நோக்கி ஓர் அம்புக்குறி. வீட்டுக்குப் போய்ச் சேர்வதற்குள் ‘லிவர் போச்சு’ என்று முடிவே கட்டிவிடுவார்கள்.

இந்தத் தாளை எந்த வரிசையில் படிக்க வேண்டும் என்பதை ஓர் ஆளின் தாளை வைத்தே சொல்கிறேன். கோத்தகிரிப் பக்கம் கேரட் தோட்டம் வைத்திருக்கும் குடும்பத்துப் பையன், வயது 26. வேலையில் சேர மருத்துவச் சான்று வேண்டும் என்று பரிசோதனைக்கு வந்தான். உடம்புக்கு ஒரு தொந்தரவும் இல்லை. வந்த முடிவு இது. அடைப்புக்குறிக்குள் இருப்பது அந்தத் தாளில் அச்சடித்த இயல்பு அளவு.

- மொத்த பிலிரூபின் 2.2 (0.3 முதல் 1.2 வரை)
- டைரக்ட் பிலிரூபின் 0.4 (0.3 வரை)
- இன்டைரக்ட் பிலிரூபின் 1.8
- எஸ்ஜிஓடி 58 (40 வரை)
- எஸ்ஜிபிடி 39 (45 வரை)
- அல்கலைன் பாஸ்ஃபடேஸ் 82 (40 முதல் 129 வரை)
- ஜிஜிடி 22 (60 வரை)
- அல்புமின் 4.5 (3.5 முதல் 5.0 வரை)

கூட வந்த அம்மா கேட்ட முதல் கேள்வி: “தம்பி, மஞ்சக்காமாலைன்னா போட்டிருக்கு? கீழாநெல்லி அரைச்சுக் குடுக்கட்டுமா?”

“கொஞ்சம் பொறுங்கம்மா. மொதல்ல தாளை முழுசாப் பார்க்கலாம்” என்றேன்.

முதல் படி: எண்களை மூன்று கூட்டமாகப் பிரியுங்கள்

தாளில் எல்லா எண்ணும் ஒரே பட்டியலாக வருவதால் எல்லாம் ஒரே விஷயத்தைச் சொல்கிறது என்று தோன்றும். அப்படி இல்லை.

எஸ்ஜிஓடி, எஸ்ஜிபிடி இரண்டும் செல்லுக்குள்ளே இருக்க வேண்டிய என்சைம்கள். செல் அடிபட்டால் ரத்தத்தில் கசியும். எவ்வளவு கசிந்தது என்றுதான் இவை சொல்லும். கல்லீரல் எவ்வளவு நன்றாக வேலை செய்கிறது என்பதை இவற்றை வைத்துச் சொல்ல முடியாது. இவற்றில் எஸ்ஜிபிடி பெரும்பாலும் கல்லீரலில் இருந்து வருவது. எஸ்ஜிஓடி அப்படியில்லை. தசை, இதயம், சிவப்பணு எல்லாவற்றிலும் இருக்கிறது. இந்த வித்தியாசத்தை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், கொஞ்ச நேரத்தில் தேவைப்படும்.

இரண்டாவது கூட்டம் அல்கலைன் பாஸ்ஃபடேஸும் ஜிஜிடியும். பித்தம் போகிற பாதையில் அடைப்போ தேக்கமோ இருந்தால் ஏறுபவை இவை. அல்கலைன் பாஸ்ஃபடேஸ் எலும்பிலிருந்தும் வரும், கர்ப்பத்தில் நஞ்சுக்கொடியிலிருந்தும் வரும். அதனால்தான் வளரும் பிள்ளைகளுக்கும் கடைசி மாதக் கர்ப்பிணிகளுக்கும் இது பெரியவர்களின் அளவைத் தாண்டியே இருக்கும். ஜிஜிடி இயல்பாக இருந்து அல்கலைன் பாஸ்ஃபடேஸ் மட்டும் ஏறியிருந்தால் எலும்புப் பக்கம் பார்க்க வேண்டியிருக்கும்.

மூன்றாவது, கல்லீரல் உண்மையில் செய்யும் வேலையைக் காட்டுபவை. அல்புமின் கல்லீரல் தயாரிக்கும் புரதம். ரத்தம் உறைவதற்கான பொருள்களையும் கல்லீரல்தான் செய்கிறது; அதைப் பார்க்கும் பிடி-ஐஎன்ஆர் சோதனை வழக்கமான தாளில் இருக்காது, டாக்டர் தனியாக எழுதித் தருவார். அல்புமினுக்கு ஒரு குணம் உண்டு. உடம்பில் அது பாதியாகக் குறைய ஏறக்குறைய மூன்று வாரம் ஆகும். ஆகவே நேற்று தொடங்கிய பிரச்சினையை அது இன்றைக்குக் காட்டாது. நாள்பட்ட பிரச்சினையைத்தான் காட்டும்.

பிலிரூபின் இந்த மூன்றிலும் அடங்காது. அதைத் தனியாகப் பார்க்க வேண்டும்.

இப்போது பையனின் தாளுக்கு வருவோம். பித்தப்பாதைக் கூட்டம் சுத்தம். அல்புமின் நன்றாக இருக்கிறது. எஸ்ஜிபிடி இயல்பு. ஏறியிருப்பது எஸ்ஜிஓடி ஒன்று, பிலிரூபின் ஒன்று. கல்லீரலே பெரிதாக அடிபட்டிருந்தால் எஸ்ஜிபிடி இப்படிச் சும்மா உட்கார்ந்திருக்காது. தாளின் பாதிப் பயம் இந்த இடத்திலேயே குறைந்துவிட வேண்டும்.

இரண்டாம் படி: எத்தனை மடங்கு என்று பாருங்கள்

58 என்று தனியாகப் பார்த்தால் ஒன்றும் புரியாது. அந்த ஆய்வகத்தின் உச்ச அளவால் வகுத்துப் பாருங்கள். 58-ஐ 40-ஆல் வகுத்தால் ஒன்றரை மடங்குகூட இல்லை. டாக்டர்கள் இப்படித்தான் யோசிக்கிறார்கள். இரண்டு மடங்குக்குள் இருந்தால் லேசான ஏற்றம். ஐந்து மடங்கு வரை போனால் காரணத்தைத் தேடியே ஆக வேண்டும். பத்து, பதினைந்து மடங்கைத் தாண்டினால் கடுமையான ஹெபடைடிஸ், மருந்து விஷம், கல்லீரலுக்கு ரத்த ஓட்டம் நின்றது போன்றவை; அது வேறு உலகம். கடுமையான வைரஸ் காமாலையில் எஸ்ஜிபிடி ஆயிரத்தைத் தாண்டி வருவதை நாங்கள் மெஷினில் பார்த்திருக்கிறோம். அந்தப் பக்கத்தில் 58-ஐ வைத்துப் பாருங்கள்.

மடங்காகப் பார்க்கச் சொல்வதற்கு இன்னொரு காரணம், ஆய்வகத்துக்கு ஆய்வகம் உச்ச அளவு வேறு. ஊட்டியில் ஓர் இடத்தில் எடுத்த எஸ்ஜிபிடிக்கு 45 என்றும், கோயம்புத்தூரில் எடுத்ததற்கு 55 என்றும் போட்டிருக்கலாம். எண்ணை எண்ணோடு ஒப்பிட்டு ‘ஏறிடுச்சு, இறங்கிடுச்சு’ என்று பேசுவது இங்கேதான் தப்பாகிறது. முடிந்தவரை அடுத்த சோதனையையும் அதே இடத்தில் எடுங்கள்.

அந்த இயல்பு அளவு எங்கிருந்து வந்தது என்பதையும் தெரிந்துகொள்ள வேண்டும். ஆரோக்கியமான பலரைச் சோதித்து, நடுவில் உள்ள 95 சதவீதம் பேரின் அளவை எடுத்துக்கொள்கிறார்கள். மீதி 5 சதவீதம் பேரும் ஆரோக்கியமானவர்களே, ஆனால் கோட்டுக்கு வெளியே நிற்கிறார்கள். ஒரு சோதனைக்கே 20 பேரில் ஒருவர் இப்படி. ஒன்றையொன்று சாராத 20 சோதனைகளை ஓர் ஆரோக்கியமான ஆளுக்குச் செய்தால், ஏதாவது ஒன்றாவது கோட்டைத் தாண்ட ஏறக்குறைய 64 சதவீத வாய்ப்பு இருக்கிறது. ரத்தச் சோதனைகள் முழுக்க ஒன்றையொன்று சாராதவை அல்ல, அதனால் உண்மையில் கொஞ்சம் குறையும். ஆனாலும் முழு உடல் பரிசோதனை பேக்கேஜ் எடுத்தவர்கள் தாளில் ஓர் அம்புக்குறியாவது இருப்பதில் ஆச்சரியம் ஒன்றும் இல்லை.

மூன்றாம் படி: ரத்தம் கொடுத்த நாளுக்குத் திரும்பிப் போங்கள்

இந்தப் படியைத்தான் எல்லாரும் விட்டுவிடுகிறார்கள். என்னைக் கேட்டால் தாளைவிட இதுதான் முக்கியம்.

பையனிடம் கேட்டேன், நேற்றும் முந்தாநாளும் என்ன செய்தாய் என்று. “முந்தாநாள் லோடு ஏத்துனோம்ணா. ஆள் வரல, நானும் அப்பாவும்தான்.” கழுவிக் கட்டிய கேரட் மூட்டைகளைச் சரிவில் தூக்கி வந்து லாரியில் ஏற்றியிருக்கிறான், சாயங்காலம் வரை. வழக்கமாக அதைச் செய்பவனும் இல்லை, கல்லூரி முடித்து வந்தவன்.

பழக்கமில்லாத கடும் வேலை தசையைக் கொஞ்சம் காயப்படுத்தும். தசையிலிருந்து எஸ்ஜிஓடி கசியும், எஸ்ஜிபிடியும் ஓரளவு கசியும். எடை தூக்கும் பயிற்சிக்குப் பழக்கமில்லாத ஆரோக்கியமான ஆண்களை அப்படித் தூக்கவைத்துச் சோதித்தபோது, இந்த இரண்டு என்சைமும் ஒரு வாரம் வரைகூட ஏறியே இருந்தன. அப்போது ஜிஜிடி ஏறாது, அதற்குத் தசையோடு சம்பந்தம் இல்லை. இது தசைதானா என்று உறுதிசெய்ய ஒரு சோதனை இருக்கிறது, அது சிபிகே. தசையில் நிறைய இருக்கும் என்சைம் அது. எஸ்ஜிஓடியும் சிபிகேயும் சேர்ந்து ஏறி, ஜிஜிடி அசையாமல் இருந்தால் சந்தேகம் தசைமேல்தான் போகும். தோட்டத்து வேலைக்காரர்களுக்கும் ஜிம்முக்குப் புதிதாகப் போகும் பிள்ளைகளுக்கும் இது சாதாரணமாக வருவது. தசையில் போட்ட ஊசிகூடச் சிபிகேயைக் கொஞ்சம் ஏற்றும்.

அடுத்து, நாங்கள் ரத்தம் எடுத்த விதம். எங்கள் தொழிலின் குறையையும் சொல்லத்தானே வேண்டும். நரம்பு கிடைக்காமல் மெல்லிய ஊசியில் சிரிஞ்சை வேகமாக இழுத்தாலும், எடுத்த ரத்தத்தை ஊசி வழியாகவே ட்யூபுக்குள் அழுத்திப் பீய்ச்சினாலும், ட்யூபை ஓங்கிக் குலுக்கினாலும் சிவப்பணுக்கள் உடையும். ட்யூபை மெஷினில் வேகமாகச் சுழற்றி எடுத்ததும் மேலே நிற்கும் சீரம் வைக்கோல் நிறத்தில் தெளிவாக இருக்க வேண்டும். சிவப்பணு உடைந்திருந்தால் ரோஸ் நிறமாகத் தெரியும். சிவப்பணுவுக்குள் எஸ்ஜிஓடி பல மடங்கு அதிகம் இருப்பதால் தாளில் அது கூடிவிடும். பொட்டாசியமும் கூடவே ஏறும். நல்ல ஆய்வகம் தாளின் அடியில் ‘ரத்தம் ஹீமோலைஸ் ஆகியிருக்கிறது’ என்று ஒரு வரி போடும். சின்ன எழுத்தில் இருக்கும், அதைத் தேடிப் படியுங்கள்.

மலையில் இது இன்னும் கொஞ்சம் சிக்கல். பல ஊர்களில் இருப்பது ரத்தம் சேகரிக்கும் இடம் மட்டும். மெஷின் கீழே கோயம்புத்தூரில் இருக்கும். ட்யூபைச் சுழற்றிச் சீரத்தைப் பிரிக்காமல் அப்படியே பெட்டியில் வைத்து மலைப்பாதை வளைவுகளில் இறக்கினால், குலுங்கியும் நேரம் போயும் சிவப்பணு உடைய நிறைய வாய்ப்பு. “இங்கேயே சுழற்றிப் பிரித்துத்தான் அனுப்புவீர்களா?” என்று தயங்காமல் கேளுங்கள். நாங்கள் கோபித்துக்கொள்ள மாட்டோம். எதிர்ப்பக்கத்துக்கும் ஒன்று உண்டு: பிலிரூபின் வெளிச்சத்தில் சிதையும். ட்யூபை ஜன்னல் ஓரம் வெயிலில் வைத்துவிட்டால் பிலிரூபின் உண்மையைவிடக் குறைவாக வரும். பிறந்த குழந்தைக்குக் காமாலை வந்தால் நீல விளக்கடியில் படுக்க வைப்பதும் வெளிச்சத்தின் இந்தச் சக்தியை நம்பித்தான்.

மூன்றாவதாகப் பட்டினி. பையன் முதல் நாள் சாயங்காலம் ஆறரை மணிக்குச் சாப்பிட்டவன். களைப்பில் ராத்திரிச் சாப்பாடு இல்லை. காலையில் ‘வெறும் வயிற்றில் வர வேண்டும்’ என்று சொன்னதால் டீகூடக் குடிக்காமல் கிளம்பி, பஸ்ஸைத் தவறவிட்டு, எங்களிடம் வந்து சேர்ந்தது பதினொன்றரைக்கு. கணக்குப் போட்டால் 17 மணி நேரம். சர்க்கரைக்கும் கொழுப்புக்கும் வெறும் வயிறு கேட்பார்கள், எட்டு முதல் பன்னிரண்டு மணி நேரம் போதும். கல்லீரல் பரிசோதனைக்கு மட்டும் என்றால் பட்டினியே தேவையில்லை. நீண்ட பட்டினி சிலருக்குப் பிலிரூபினை ஏற்றும். யாருக்கு என்பது அடுத்த படியில் வருகிறது.

மருந்து, மூலிகை, குடி இவற்றையும் இதே நேரத்தில் நினைத்துப் பாருங்கள். காய்ச்சலுக்கு எடுத்த பாராசிட்டமால், டிபி மாத்திரை, வலிப்பு மாத்திரை, கொழுப்பு மாத்திரை, பொடி, லேகியம், கஷாயம் எல்லாமே பட்டியலில் வர வேண்டும். இயற்கையானது என்பதால் சேர்க்காமல் விட்டுவிடுகிறார்கள். கொரோனா காலத்தில் எதிர்ப்புசக்திக்கென்று சீந்தில் குடித்துக் கல்லீரல் வீங்கியவர்கள் பற்றி 2021-இல் மும்பை டாக்டர்கள் எழுதியிருக்கிறார்கள். சமீபத்தில் வந்த காய்ச்சலும் கணக்கில் வரும். டெங்கு, மலையோரத்தில் வருகிற உண்ணிக் காய்ச்சல் என்கிற ஸ்க்ரப் டைஃபஸ் இரண்டிலும் என்சைம் ஏறி, காய்ச்சல் தீர்ந்ததும் இறங்கும்.

நான்காம் படி: பிலிரூபினை இரண்டாகப் பிரித்துப் பாருங்கள்

சிவப்பணு சுமார் 120 நாள் வாழ்ந்து, உடைந்து போகும். அதன் ஹீமோகுளோபினிலிருந்து வரும் மஞ்சள் கழிவுதான் பிலிரூபின். முதலில் அது தண்ணீரில் கரையாது. கல்லீரல் அதை ஒரு சர்க்கரை அமிலத்தோடு சேர்த்துக் கரையக்கூடியதாக மாற்றிப் பித்தத்தில் அனுப்புகிறது. மாற்றுவதற்கு முன் இருப்பது இன்டைரக்ட், மாற்றிய பிறகு இருப்பது டைரக்ட். ஆகவே எது ஏறியிருக்கிறது என்று பார்த்தால் கோளாறு வாசலுக்கு முன்னாலா பின்னாலா என்று தெரிந்துவிடும். டைரக்ட் ஏறினால் கல்லீரலிலோ பித்தக் குழாயிலோ பிரச்சினை. இன்டைரக்ட் மட்டும் ஏறினால் இரண்டு காரணம்தான் பெரும்பாலும்: சிவப்பணு அதிகமாக உடைகிறது, அல்லது மாற்றும் வேலை கொஞ்சம் மெதுவாக நடக்கிறது.

தாளில் மொத்த பிலிரூபின் மட்டும் போட்டிருந்தால் அந்தத் தாளை வைத்து ஒரு முடிவுக்கும் வரக் கூடாது, பிரித்துப் போடச் சொல்லுங்கள். பையனுக்கு 2.2-இல் டைரக்ட் 0.4. அதாவது 18 சதவீதம். ஐந்தில் ஒரு பங்குக்குக் கீழே என்றால் ஏற்றம் முழுவதும் இன்டைரக்ட் பக்கம் என்று எடுத்துக்கொள்கிறார்கள். டைரக்ட் 0.4 என்பது 0.3-ஐத் தாண்டியதால் அதற்கும் அம்புக்குறி வந்திருந்தது. அந்த அம்புக்குறிக்கு இங்கே மதிப்பு இல்லை, விகிதத்துக்குத்தான் மதிப்பு.

வீட்டிலேயே தெரிகிற ஓர் அடையாளமும் உண்டு. கரையக்கூடிய டைரக்ட் பிலிரூபின்தான் சிறுநீரில் இறங்கும். அது ஏறியிருந்தால் சிறுநீர் டீ டிகாஷன் நிறத்தில் போகும், மலம் வெளுத்துப் போகும். இன்டைரக்ட் எவ்வளவு ஏறினாலும் அது சிறுநீருக்கு வராது. பையனின் சிறுநீர்ப் பரிசோதனையில் பிலிரூபின் ‘இல்லை’ என்றே வந்திருந்தது.

மாற்றும் வேலை மெதுவாக நடப்பதற்குப் பெயர் கில்பர்ட் சிண்ட்ரோம். பிரெஞ்சு டாக்டர் அகஸ்டின் கில்பர்ட் 1901-இல் எழுதிவைத்தது. அந்த வேலையைச் செய்யும் என்சைம் பிறவியிலேயே சுமார் மூன்றில் ஒரு பங்கு வேகத்தில்தான் இருக்கும். இருபதில் ஒருவருக்கு இருக்கிற விஷயம் இது, அபூர்வம் என்று சொல்ல முடியாது. பிலிரூபின் பெரும்பாலும் 3-க்குள் நிற்கும். பட்டினி, தூக்கமின்மை, சளிக் காய்ச்சல், கடும் உடலுழைப்பு, மாதவிடாய் நேரம் இவற்றில் கொஞ்சம் ஏறும், பிறகு இறங்கும். ஓரிரு நாள் சாப்பாட்டை வெகுவாகக் குறைத்தால் இரட்டிப்பாகவும் ஆகலாம். சிலருக்கு அந்த நாள்களில் கண்வெள்ளை லேசாக மஞ்சளிக்கும். கல்லீரல் கெடாது, ஆயுள் குறையாது, மருந்து இல்லை, பத்தியமும் இல்லை.

கீழாநெல்லியின் புகழுக்கும் இதில் பங்கு உண்டு என்பது என் கணிப்பு. தானாக இறங்கும் பிலிரூபினுக்கு எதைக் கொடுத்தாலும் பெயர் அதற்குத்தான் போகும். பச்சிலை வைத்தியத்தின்மேல் எனக்குக் கோபம் இல்லை. என்ன சேர்த்து அரைத்தார்கள் என்று தெரியாத உருண்டையை, ஏற்கெனவே என்சைம் ஏறியிருக்கும் கல்லீரலுக்குக் கொடுப்பதில்தான் பயம்.

ஆனால் கில்பர்ட் என்று முத்திரை குத்துவதற்கு முன்னால் சிவப்பணு உடைகிறதா என்று பார்த்தே ஆக வேண்டும். நீலகிரியில் இதை நான் இரட்டைக் கோடு போட்டுச் சொல்வேன். சிவப்பணு அரிவாள் போல வளைந்து சீக்கிரம் உடையும் பரம்பரை நோயான அரிவாள் செல் நோய் இந்தியாவில் இருக்கிறது என்று முதன்முதலில் தெரியவந்ததே இந்த மலையின் பழங்குடி மக்களைச் சோதித்தபோதுதான். லேமன், கட்புஷ் என்ற இருவர் 1952-இல் எழுதினார்கள். பணியர், இருளர், குறும்பர், முள்ளுக்குறும்பர் குடும்பங்களில் இது இன்றும் இருக்கிறது. நோய் உள்ளவருக்குச் சிவப்பணு 120 நாளுக்குப் பதில் 10 முதல் 20 நாளிலேயே உடைந்துபோகும். கழிவு அதிகமாக வரும், இன்டைரக்ட் பிலிரூபின் ஏறும். தாளில் பார்க்க கில்பர்ட் மாதிரியேதான் இருக்கும். பிரித்துக் காட்டுவது முழு ரத்த அணுப் பரிசோதனை, ரெட்டிகுலோசைட் அளவு, செல் உடைந்தால் ஏறும் எல்டிஹெச் என்ற என்சைம், கண்ணாடித் தகட்டில் தடவி மைக்ராஸ்கோப்பில் பார்க்கும் ரத்தப் பூச்சு. ரெட்டிகுலோசைட் என்பது புதிதாகப் பிறந்த சிவப்பணு. உடைவது அதிகமானால் உடம்பு அவசரமாகப் புதிது செய்யும், அந்த எண் கூடும். ஒன்று மட்டும் சொல்லிவிடுகிறேன்: அரிவாள் செல் மரபணு ஒன்றை மட்டும் சுமப்பவர்களுக்கு வழக்கமாகச் சிவப்பணு இப்படி உடையாது, பிலிரூபினும் ஏறாது.

பையனுக்கு ஹீமோகுளோபின் 15.1, ரெட்டிகுலோசைட் 1 சதவீதம், எல்டிஹெச் இயல்பு, பூச்சிலும் வித்தியாசம் இல்லை. ஹீமோகுளோபின் 10, ரெட்டிகுலோசைட் 6 என்று வந்திருந்தால் அதே 2.2 பிலிரூபினுக்கு முற்றிலும் வேறு பதில் கிடைத்திருக்கும்.

ஐந்தாம் படி: திரும்ப எடுங்கள், ஆனால் சரியாக எடுங்கள்

மறுநாளே ஓடிவந்து எடுப்பதில் பயன் இல்லை. எஸ்ஜிஓடி ரத்தத்தில் பாதியாகக் குறைய சுமார் 17 மணி நேரம். எஸ்ஜிபிடிக்கு சுமார் 47 மணி நேரம். தசைக் காயமோ காய்ச்சலோ தொடரும்போது புதிதாகக் கசிந்துகொண்டே இருக்கும், ஆகவே காரணம் நின்று சில நாள் போக வேண்டும். லேசான ஏற்றத்துக்கு இரண்டு முதல் நான்கு வாரம் விட்டு எடுக்கச் சொல்வார்கள். அமெரிக்காவில் பெரிய அளவில் செய்த ஓர் ஆய்வில், முதல் தடவை என்சைமோ பிலிரூபினோ கூடியிருந்தவர்களில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கினருக்கு, சில வாரத்தில் திரும்ப எடுத்தபோது இயல்பாகிவிட்டது.

அந்த இடைவெளியில் ஒரு வாரமாவது மூட்டை தூக்குதல், ஜிம், மலையேற்றம் வேண்டாம். குடி வேண்டாம். டாக்டர் எழுதிய மருந்தை நீங்களாக நிறுத்தாதீர்கள், தேவையில்லாத பொடிகளை நிறுத்துங்கள். முதல் நாள் ராத்திரி வழக்கம்போல் சாப்பிட்டு, காலையிலும் இட்லியோ எதுவோ சாப்பிட்டுவிட்டு வாருங்கள். அதே ஆய்வகம், ஏறக்குறைய அதே நேரம்.

பையன் இரண்டு வாரம் கழித்து, காலைச் சாப்பாட்டை முடித்துவிட்டு வந்தான். மொத்த பிலிரூபின் 1.4, டைரக்ட் 0.2, எஸ்ஜிஓடி 27. சிபிகே இயல்பு. எஸ்ஜிஓடி விஷயம் அதோடு முடிந்தது, அது மூட்டையின் வேலை. பிலிரூபின் பட்டினி இல்லாமலும் கோட்டுக்குக் கொஞ்சம் மேலேயே நின்றது. சில மாதம் கழித்து மூன்றாம் தடவையும் 1.5. டாக்டர் கில்பர்ட் என்று எழுதிச் சான்றில் கையெழுத்துப் போட்டுவிட்டார். அந்தத் தாள்களைப் பத்திரமாக வைத்துக்கொள்ளச் சொன்னேன். அடுத்த கம்பெனியில் திரும்ப இதே கேள்வி வரும், பழைய மூன்று தாளும் பதில் சொல்லும். இரினோடெகான் என்ற புற்றுநோய் மருந்து போல ஒரு சில மருந்துகள் கில்பர்ட் உள்ளவர்களின் உடம்பில் அதிக நேரம் தங்கும். எந்தப் பெரிய சிகிச்சைக்கு முன்னாலும் டாக்டரிடம் இதைச் சொல்ல வேண்டும், அவ்வளவுதான்.

திரும்ப எடுத்தும் இறங்காவிட்டால்

லேசான ஏற்றம் பயப்பட வேண்டியதல்ல என்பதை ‘மறந்துவிடலாம்’ என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. ஆறு மாதமாக எஸ்ஜிபிடி 60, 70 என்று நிற்பது, ஒரு நாள் மட்டும் 90 வந்து போவதைவிட முக்கியமானது. நம் ஊரில் அதற்குப் பெரும்பாலும் காரணம் கொழுப்பு படிந்த கல்லீரல். அடுத்து குடி, ஹெபடைடிஸ் பி, சி. இங்கே ஹெபடைடிஸ் பி, சி சோதனை, சர்க்கரை, கொழுப்பு அளவு, வயிற்று ஸ்கேன் ஆகியவை தேவைப்படும். எஸ்ஜிஓடி எஸ்ஜிபிடியைவிட இரண்டு மடங்கு இருந்து, ஜிஜிடியும் ஏறியிருந்தால் டாக்டர் குடியைப் பற்றிக் கேட்பார், உண்மையைச் சொல்லுங்கள்.

கல்லீரலில் தழும்பு விழுந்திருக்குமா என்று தோராயமாக அறிய ஃபிப்-4 என்று ஒரு கணக்கு இருக்கிறது, கையாலேயே போடலாம். வயதை எஸ்ஜிஓடியால் பெருக்குங்கள். எஸ்ஜிபிடியின் வர்க்கமூலத்தைப் பிளேட்லெட் எண்ணிக்கையால் பெருக்குங்கள், 2.4 லட்சம் என்றால் 240 என்று எடுத்துக்கொள்ள வேண்டும். முதல் விடையை இரண்டாவதால் வகுங்கள். சர்க்கரை உள்ள 48 வயதுப் பெண்மணி, எஸ்ஜிஓடி 46, எஸ்ஜிபிடி 68, பிளேட்லெட் 2.4 லட்சம் என்று வைத்துக்கொள்வோம். 48 × 46 = 2208. 68-இன் வர்க்கமூலம் 8.25, அதை 240-ஆல் பெருக்கினால் 1980. வகுத்தால் 1.1. விடை 1.3-க்குக் கீழே என்றால் பெரிய தழும்புக்கு வாய்ப்பு குறைவு, 2.67-க்கு மேல் என்றால் கல்லீரல் டாக்டரைப் பார்க்க வேண்டும். நடுவில் என்றால் கல்லீரலின் விறைப்பை அளக்கும் ஃபைப்ரோஸ்கேன் எடுத்துப் பார்ப்பார்கள். 65 வயதைத் தாண்டியவர்களுக்குக் கீழ்க்கோடு 2.0. இளைஞர்களுக்கும், காய்ச்சலில் பிளேட்லெட் குறைந்திருக்கும் நேரத்திலும் இந்தக் கணக்கு சரியாக வராது. இன்னொன்று, என்சைம் இயல்பாக இருந்தும் கல்லீரல் சுருங்கிப்போனவர்கள் உண்டு. அதனால்தான் பிளேட்லெட்டும் அல்புமினும் எப்போதும் கூடவே பார்க்கப்படுகின்றன.

இரண்டு வாரம் காத்திருக்கக் கூடாத தாள்கள்

டைரக்ட் பிலிரூபின் தெளிவாக ஏறி, சிறுநீர் கறுத்து, மலம் வெளுத்து, உடம்பு அரித்தால் அன்றைக்கே டாக்டரிடம் போக வேண்டும். கூடவே காய்ச்சலும் வலது மேல்வயிற்றில் வலியும் இருந்தால் பித்தக்குழாயில் கல், சீழ் இரண்டும் சந்தேகம், நேரே பெரிய ஆஸ்பத்திரிக்குப் போங்கள். காய்ச்சலும் காமாலையும் தசைவலியும் சேர்ந்து, சமீபத்தில் சேற்றிலோ தேங்கிய நீரிலோ வேலை செய்தவர் என்றால் எலிக்காய்ச்சலைப் பற்றி நீங்களே டாக்டரிடம் சொல்லுங்கள்.

என்சைம் பத்து மடங்கைத் தாண்டியது, ஐஎன்ஆர் 1.5-க்கு மேல் போனது, ஆள் உளறுகிறார் அல்லது பகலெல்லாம் தூங்குகிறார், வயிறு வீங்குகிறது, ரத்த வாந்தி எடுக்கிறார் என்றால் தாளை மடித்துப் பையில் வைத்துவிட்டு வண்டி பிடியுங்கள். கர்ப்பிணிக்குக் கடைசி மாதங்களில் உள்ளங்கையும் உள்ளங்காலும் அரித்து எஸ்ஜிபிடி லேசாக ஏறியிருந்தாலும் அதை லேசு என்று எண்ணக் கூடாது, பித்த அமிலச் சோதனை உடனே வேண்டும்.

டிபி மாத்திரை சாப்பிடுகிறவர்களுக்குக் கோடு வேறு: வாந்தி, பசியின்மை, காமாலை இருந்தால் என்சைம் மூன்று மடங்கு ஏறியதும், ஒன்றும் இல்லாவிட்டாலும் ஐந்து மடங்கு ஏறியதும் மாத்திரையை நிறுத்தி மாற்ற வேண்டிவரும். அந்த முடிவை மாத்திரை தரும் டாக்டர்தான் எடுக்க வேண்டும். ஆனால் தாளை அவரிடம் அன்றைக்கே கொண்டுபோய்க் காட்டுவது உங்கள் வேலை.